நான்கு மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

இம்முறை ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா மகளின் நிகழ்ச்சிக்கு ஒலி அமைப்பும் டிஜேயும் பேசி முடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் அனுப்பிய விலை ஒரே வரியில் இருந்தது: 'முழு செட், டிஜே, 4 மணி நேரம், மொத்தமாக இவ்வளவு.' முழு செட் என்றால் என்ன என்று கேட்டபோது, இரண்டு டாப் ஸ்பீக்கர், இரண்டு பேஸ் ஸ்பீக்கர், ஒரு மிக்சர், இரண்டு கார்ட்லெஸ் மைக் என்று எண்ணிச் சொன்னார். 200 பேர் கூடும் மூடிய மண்டபத்துக்கு அது போதும் என்பதால் அதை எழுதி வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

சிக்கல் நேரத்தில்தான் இருந்தது. செட்டை இறக்கி, வயர் இழுத்து, மைக் சோதித்து முடிக்க 2 மணி நேரமும், பிரித்து ஏற்ற 1 மணி நேரமும் ஆகும் என்றார். இந்த 3 மணி நேரம் அந்த நான்கில் சேராது என்பதை வெளிப்படையாகக் கேட்ட பிறகே சொன்னார். அவர் பக்கத்தில் செட் தயாராகாமல் தாமதமானால் முதல் பாட்டிலிருந்து கணக்கு, எங்கள் பக்கத் தாமதமென்றால் குறித்த 6 மணியிலிருந்தே கணக்கு என்று முடிவு செய்தோம்.

ஓவர்டைம் பற்றிக் கேட்டதற்கு, "மொத்தத் தொகையை நாலால வகுத்து, அதுல ஒன்றரை மடங்குண்ணே" என்றார். கேட்க நியாயமாகத் தோன்றினாலும், வண்டிக் கூலியும் செட்டை அமைக்கும் கூலியும் ஐந்தாவது மணியில் மறுபடி ஏற்படும் செலவல்ல. ஆகவே தொகையைப் பிரித்துத் தரும்படி வற்புறுத்தினேன். மொத்தத்தை 100 பங்காகக் கொண்டால், கருவி வாடகை 40, வண்டியும் அமைப்பும் 20, டிஜேயும் உடனிருக்கும் ஆட்களும் 40 என்று வந்தது. அவர் கணக்கில் ஒரு மணி ஓவர்டைம் 37.5 பங்கு, ஆள்கூலியை மட்டும் நாலால் வகுத்து ஒன்றரை மடங்காக்கினால் 15 பங்கு. கருவி அன்றிரவு வேறெங்கும் போகப்போவதில்லை என்பதால், சற்றுத் தயங்கியபின் அவரும் 15க்கு ஒத்துக்கொண்டார், ஆனால் அரை மணிக்குக் குறைவாகக் கணக்கிட மாட்டேன் என்றார். ஆட்களைக் காத்திருக்க வைப்பதால் அதை நான் மறுக்கவில்லை.

அன்று மாலை 3 மணிக்கு வண்டி வந்துவிட்டது. மேடை அலங்காரக்காரர்கள் நாலரை வரை இடம் விடாததால், ஆட்கள் பேஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். மைக் சோதனை ஆறரைக்கு முடிந்து முதல் பாட்டு 6.45க்கு ஒலித்தது, தாமதம் எங்களுடையது என்பதால் கடிகாரம் 6 மணியிலிருந்தே ஓடியது. கடைசிப் பாட்டு 10.50க்கு முடிந்தது. 50 நிமிடம் இரண்டு அரை மணியாகி, 15 பங்கு கூடுதலாகக் கொடுத்தேன். பணத்தை எண்ணிக்கொண்டே, அலங்காரக்காரரிடம் அந்த முக்கால் மணியை வசூலித்துக்கொள்ளும்படி அவர் சிரித்தபடி யோசனை சொன்னார்.