ரஜாய் கட்டிலுக்கு அடியில், கொலு பொம்மை ஸ்டோர் ரூமில்

எங்கள் வீடு சென்னையில், தரைத்தளம். ரஜாய், கம்பளி, கொலு பொம்மைகள், சூட்கேஸ்கள் எல்லாவற்றையும் முதலில் ஸ்டோர் ரூமில்தான் அடுக்கினோம். ஐப்பசி மழை ஓய்ந்து திறந்தபோது, சுவரை ஒட்டியிருந்த ரஜாயின் ஒரு பக்கம் மட்டும் சாம்பல் நிறப் புள்ளிகளோடு முடை நாற்றம் அடித்தது. அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறை.

ஸ்டோர் ரூமைப் பயன்படுத்தும் முன் சுவரைச் சோதித்துவிடுங்கள். ஓரடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. குழாயையோ பூச்சையோ சரி செய்யாமல் அங்கே எதையும் வைக்க வேண்டாம். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். வெயில் நாளில் கதவைத் திறந்து வைத்தால் ஓரளவு குறையும்.

பஞ்சுப் பொருட்களுக்கு என் ஓட்டு கட்டிலடிக்குத்தான். நாம் புழங்கும் அறை, மின்விசிறி ஓடுகிறது, வாசனை மாறினால் உடனே தெரியும். ஆனால் தரை துடைக்கும் தண்ணீர் படாமல், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் காயவைத்த ரஜாயைச் சூட்டோடு மூடிவிடாதீர்கள். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும். காற்றை உறிஞ்சும் பைகள் பாலியெஸ்டர் ரஜாய்க்குச் சரி. இலவம்பஞ்சை அப்படி அழுத்தினால் பழையபடி உப்பி வராது. தலைமாட்டுக்குக் கீழே ரசகற்பூர உருண்டை மட்டும் போட வேண்டாம். அந்த ஆவியை இரவெல்லாம் சுவாசிக்க வேண்டிவரும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அது ரத்த அணுக்களையே சிதைக்கும். காய்ந்த வேப்பிலையோ வசம்போ போடலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்க முடியாது. பூச்சியைத் தடுப்பது துவைத்துக் காயவைத்த சுத்தமும் இறுக மூடிய மூடியும்தான்.

கொலு பொம்மைகளுக்கு ஸ்டோர் ரூம்தான் பொருத்தம். கட்டிலடியில் வைத்தால் இழுக்கும்போது கை, மூக்கு உடையும். செய்தித்தாளில் சுற்றுவதை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம். வெள்ளிப்பூச்சிக்குக் காகிதமும் பசையும்தான் சாப்பாடு. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிறோம். அட்டைப்பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் பெட்டி, இரும்பு ஸ்டாண்டில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. அந்த இடைவெளி இருந்தால்தான் கரையான் ஏறும் மண் கோடு கண்ணில் படும்.

சூட்கேஸ் எப்போதும் ஸ்டோர் ரூமில்தான். விடுதியிலிருந்தோ ரயிலிலிருந்தோ மூட்டைப்பூச்சி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அதன் தையல் மடிப்பில்தான். கட்டிலடியில் வைத்தால் அதற்கு மெத்தை ஓரடி தூரம். ஊரிலிருந்து வந்ததும் பால்கனியில் வைத்து, டார்ச் அடித்து ஜிப் ஓரங்களையும் சக்கரக் குழிகளையும் பாருங்கள். மிளகு போல் கரும்புள்ளிகள் தெரிந்தால் துணிகளை வெந்நீரில் துவைத்துவிட்டு, பெட்டியைத் தனியாக பாலிதீனில் கட்டி வையுங்கள்.