தேத்தண்ணியா, வீட்டுக் கோப்பியா, எனர்ஜி டின்னா: எதில் எவ்வளவு கஃபீன்?

கிளிநொச்சியில் இருக்கும் என் தங்கச்சிக்கு இது ஐந்தாம் மாதம். போன கிழமை போனில் கேட்டாள்: "அக்கா, கோப்பியைக் குறைக்கச் சொல்லினம். நான் காலமை ஒரு கோப்பிதான் குடிக்கிறன், மிச்சமெல்லாம் தேத்தண்ணி. அது பிரச்சினை இல்லைதானே?"

தேத்தண்ணியும் கணக்கில் வரும். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன்தான் எல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் சொன்னது. அந்த 200க்குள் எது எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று பார்த்தால்தான் எதைக் குறைப்பது என்று தெரியும்.

தேத்தண்ணியின் நிறத்தைப் பார்த்துக் கஃபீனை அளக்க முடியாது. பால் விட்டாலும் கஃபீன் குறையாது. போட்ட தூளின் எடைதான் கணக்கு. தேயிலையின் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவு கஃபீன் இருக்கும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் தூள் போட்டால் அதில் 60 மில்லிகிராம். சாயத்தில் இறங்குவது 45 அளவு. வீட்டில் தராசு இல்லையென்றால், 100 கிராம் பக்கற் ஒன்றில் எத்தனை கோப்பை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஐம்பது வந்தால் கோப்பைக்கு 45. முப்பதுதான் வந்தால் 75. வயலுக்குக் கேத்திலில் கொண்டு போகும் கடும் சாயம் இந்த இரண்டாவது வகை.

வீட்டுக் கோப்பி வேறு மாதிரி. எங்கள் பக்கம் இடிக்கும் கொட்டை பெரும்பாலும் ரொபஸ்டா. அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் குறையாமல் கஃபீன் இருக்கும். ஆனால் ஒரு கோப்பைக்குப் போடும் தூள் தேயிலையை விட அதிகம். குவித்த கரண்டி 5 கிராம் வரும், அதாவது 100 மில்லிகிராம். மல்லியும் வேர்க்கொம்பும் பாதிக்குப் பாதி சேர்த்து இடித்த தூள் என்றால் 50தான். தனி மல்லிக் கோப்பியில் கஃபீனே இல்லை. பெயரில் மட்டும்தான் கோப்பி. கடையில் வாங்கும் உடனடிக் கோப்பித் தூளில் ஒரு சின்னக் கரண்டிக்கு 60 அளவு.

தங்கச்சியின் நாளைக் கூட்டினேன். காலையில் மல்லி சேராத கோப்பி 100, அப்புறம் மூன்று தேத்தண்ணி 135, மொத்தம் 235. ஒரு கோப்பிதானே என்று அவள் நினைத்த நாள் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தக் கோப்பியை மட்டும் மல்லிக் கோப்பியாக மாற்றினால் 135க்கு இறங்கிவிடும். தேத்தண்ணியை விட வேண்டியதில்லை.

கர்ப்பிணிக்கு எல்லை இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மற்றவர்களின் உடம்பு குடித்த கஃபீனில் பாதியை ஏறத்தாழ ஐந்து மணித்தியாலத்தில் அகற்றிவிடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதற்குப் பதினைந்து மணித்தியாலம் வரை எடுக்கும். பின்னேரம் குடித்தது விடிந்தும் இரத்தத்தில் நிற்கும். கஃபீன் குழந்தைக்கும் போகும். அதை உடைக்கும் நொதி குழந்தையிடம் இல்லை. கூடுதலாகக் குடிக்கும் தாய்மாரின் பிள்ளைகள் நிறை குறைந்து பிறப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது.

கஃபீனோடு சேராத ஒன்றையும் அவளுக்குச் சொன்னேன். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. சாயத்தின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துவிடும். ஒரு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது.

கர்ப்பமில்லாத, சுகமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400, ஒரே தடவையில் 200. வெட்டுக்காலத்தில் கடும் சாயம் ஐந்து குடிப்பவருக்கும் 375தான். ஆனால் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், படுத்தும் உறக்கம் வராமை இருந்தால் அவருடைய எல்லை அதற்கும் கீழே. ஒரேயடியாக நிறுத்தினால் சில நாள் தலையிடிக்கும். ஒவ்வொரு கோப்பையாகக் குறைப்பதே சுகம்.

எனக்கு அதிகம் பயம் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளை நினைத்துத்தான். அவர்களுக்கு உடல் நிறையின் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது கணக்கு. 45 கிலோ பிள்ளைக்கு 135. 250 மில்லிலீற்றர் எனர்ஜி டின் ஒன்றில் வழக்கமாக 80 இருக்கும், பெரிய டின்னில் 160. சின்ன டின்னோடு இரண்டு தேத்தண்ணி குடித்தாலே 170 ஆகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு அந்த டின்னைக் குடித்தால், விடிய இரண்டு மணிக்கும் 40 மில்லிகிராம் உடம்பில் இருக்கும். படித்ததை மூளை பதித்து வைக்கும் உறக்கம்தான் அதில் கெடுகிறது. முழித்திருக்க வேண்டுமென்றால் பின்னேரம் நாலு மணிக்கு ஒரு பிளேன்ரீ போதும். டின் வேண்டாம்.