தேன் பாட்டிலின் சீல் படத்தை நம்பி வாங்குகிறவர்களுக்கு

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் தேன் வாங்கினேன். அவர் பக்கத்தில் படங்கள் பளிச்சென்று இருந்தன. மூடிக்குள் ஒட்டிய அலுமினியத் தாள், லேபிள், பேட்ச் எண், பேக்கிங் தேதி, கூடவே ஓர் ஆய்வக அறிக்கை. இரண்டு பாட்டில்கள் வந்தன. ஒன்றைத் திறந்தால் வெறும் சர்க்கரைப் பாகு மாதிரி இனிப்பு, தேனின் வாசனையே இல்லை. திறக்கும் முன் எடுத்த படத்தோடு புகார் அனுப்பினேன். "சீல் சரியாக இருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறது, ஆகவே பொருள் அசல்தான்" என்று பதில் வந்தது. சீல் சரியாக இருந்தால் உள்ளே இருப்பதும் சரி என்று எப்படிச் சொல்ல முடியும்?

சீலாக இருக்கும் அந்த அலுமினியத் தாளின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். மூடியின் மேல் மின்காந்தப் புலத்தைக் காட்டினால் அலுமினியம் சூடாகி, படலம் உருகி, பாட்டிலின் விளிம்போடு பிடித்துக்கொள்ளும். இந்த வேலையைச் செய்யக் கையில் பிடிக்கும் சிறிய கருவியே போதும். எந்தப் பெயரும் அச்சிடாத தாள்களும் தனியாகவே கிடைக்கின்றன. ஆக, சீல் இருக்கிறது என்றால் யாரோ ஒருவர் அதை ஒட்டினார் என்று அர்த்தம், அவ்வளவுதான். எதை ஊற்றிவிட்டு ஒட்டினார் என்பது அதில் இல்லை.

அதற்காகப் படமே வீண் என்றும் சொல்ல மாட்டேன். ஒருமுறை உரித்த பாட்டிலின் விளிம்பில் பழைய படலத்தின் எச்சம் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தாள் வைத்து ஒட்டினால் புது வளையம் அதன்மேல் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் விலகி விழலாம். திறந்த பாட்டிலின் தாளை உரித்த பிறகு விளிம்பில் அப்படி இரட்டைக் கோடு இருந்தது. நேராக ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளையாகப் பளபளத்தது. அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து எடுத்தபோதுதான் கோடு நிழலோடு வந்தது. ஆனால் விற்பனைப் படத்தில் அந்த விளிம்பை யாரும் காட்டுவதில்லை. காட்டவும் முடியாது, தாளை உரித்தால்தானே தெரியும்!

எனக்கு நிஜமாகக் கைகொடுத்தது சீல் இல்லை, பேட்ச் எண்தான். விற்பனைப் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பேட்ச் எண், பேக்கிங் மார்ச் மாதம். என் கையில் இருந்த இரண்டிலும் எண் அதேதான், மாதம் மட்டும் செப்டம்பர். லேபிளில் இருந்த நிறுவனத்துக்கு இரண்டு படங்களையும் அனுப்பிக் கேட்டேன். ஒரே நாளில், ஒரே தொட்டியிலிருந்து நிரப்பிய பாட்டில்களுக்கு மட்டும்தான் ஒரே எண் கொடுப்போம், அந்த எண் மார்ச் மாதத்துக்குரியது என்றார்கள். அத்தோடு, நிரப்பிய பிறகு பாட்டிலின் மேல் புள்ளிப் புள்ளியாகத் தேதி அடிப்பது அவர்கள் வழக்கமாம். என்னிடம் இருந்ததில் தேதியும் லேபிளோடு சேர்த்தே அச்சாகியிருந்தது. சரி, அப்படியானால் உள்ளே என்ன என்று கேட்டதற்கு, படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது என்று நேர்மையாகவே சொன்னார்கள்.

ஆய்வக அறிக்கையின் படமும் இதே கதைதான். கொண்டுவந்து கொடுத்த மாதிரியைப் பற்றி மட்டுமே அது பேசும். அதில் உள்ள பேட்ச் எண்ணும் பாட்டிலில் உள்ளதும் ஒன்றா என்று முதலில் பாருங்கள். இந்த அறிக்கையில் எண்ணே இல்லை. அப்புறம், என்ன சோதனை என்பதையும் பார்க்க வேண்டும். இதில் இருந்தது, வெவ்வேறு எடையுள்ள கார்பன் அணுக்களின் விகிதத்தை அளக்கும் கார்பன் ஐசோடோப்பு சோதனை ஒன்று மட்டும். கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையை அது பிடிக்கும். அரிசியிலிருந்து எடுத்த பாகு அதில் தப்பிவிடும், ஏனென்றால் தேனீக்கள் நாடும் பெரும்பாலான செடிகளின் கார்பன் விகிதமும் நெல்லின் விகிதமும் ஒரே வகை. அதைப் பிடிக்க என்எம்ஆர் மாதிரி வேறு சோதனைகள் வேண்டும்.

நெய்யில் தாவரக் கொழுப்பு கலந்திருக்கிறதா என்பதும் இப்படித்தான், எந்தக் கேமராவுக்கும் எட்டாது. மசாலாத் தூள் பாக்கெட்டில் மட்டும் ஒரு சின்ன வசதி உண்டு. தலையணை வடிவப் பாக்கெட்டுகளின் மேல் ஒட்டும் கீழ் ஒட்டும் பொதுவாக ஒரே இயந்திரத் தாடையில் விழுவதால், வரிகள் ஒரே மாதிரி இருக்கும். ஒரு முனையில் வரிகளுக்குக் கீழே இன்னொரு வழவழப்பான பட்டை தெரிந்தால், வெட்டி மறுபடி ஒட்டியிருக்கலாம். இரண்டு முனைகளும் தெரியும்படி படம் கேளுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியது, அனுப்பப்போகும் அதே பாட்டிலின் இன்றைய படம், பேட்ச் எண்ணும் தேதியும் ஒன்றாகத் தெரியும்படி. ஒன்றுக்கு மேல் வாங்கினால் ஒன்றைத் திறக்காமலே வைத்திருங்கள். ஆய்வகத்துக்கு அனுப்ப நேர்ந்தால், திறந்த பாட்டிலில் வேறு எதையோ நீங்களே கலந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

மாதம் பொருந்தாததைக் காட்டிய பிறகு, திறக்காத பாட்டிலுக்குப் பணம் திரும்ப வந்தது. திறந்ததற்குத் தர மாட்டார்களாம், சீல் உடைந்துவிட்டதாம்.