பார்லர் சாமான்களை "மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்று வருபவரிடம் கவனம்

திருச்சி தில்லை நகரில் ஆறு வருடம் பார்லர் நடத்தினேன். வாடகை ஏறிக்கொண்டே போனதால் மார்ச் மாதக் கடைசியில் கடையைக் காலி செய்தேன். அங்கிருந்த சாமான்களை விற்றதில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையை மூடப்போகிறவர்களும் புதிதாக மாற்றப்போகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் இருந்தவை மூன்று ஹைட்ராலிக் சேர், ஒரு ஷாம்பு யூனிட், இரண்டு ஃபேஷியல் பெட், ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, ஸ்டீமர், ட்ராலி போன்ற சில்லறைச் சாமான்கள். அப்புறம் கண்ணாடி பதித்த பிளைவுட் பேனல்களும் ரிசப்ஷன் மேசையும். நான் போட்ட விலை: சேர் ஒன்று 7,000, ஷாம்பு யூனிட் 10,000, பெட் ஒன்று 3,500, ஏசி 14,000, சில்லறைச் சாமான்கள் 6,000, பேனலும் மேசையும் 12,000. எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய். ஃபேஸ்புக்கிலும் பியூட்டிஷியன் வாட்ஸ்அப் குழுக்களிலும் "கடை மூடுகிறோம், 31க்குள் காலி செய்ய வேண்டும், அவசர விற்பனை" என்று போட்டேன். அந்த ஒரு வரியில் என் நெருக்கடி முழுவதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

முதலில் பேசியவர்கள் நல்லவர்கள்தான். லால்குடியில் புதிதாகக் கடை போடும் ஒரு பெண் இரண்டு சேரும் ஒரு பெட்டும் நான் சொன்ன 17,500க்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்னொருவர் ஷாம்பு யூனிட்டை 9,000க்குக் கேட்டார். நடுவில் ஒருவர் க்யூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கக்கா, பணம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்றார். பின் நம்பரை எதற்குப் போட வேண்டும், பணம் வாங்குவது நான்தானே? உடனே பிளாக் செய்தேன். அதில் தப்பித்துவிட்டதால், இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தப் புரோக்கர் போன் செய்தார். பழைய பார்லர் சாமான் மட்டுமே வாங்கி விற்பவராம். நேரில் வந்து ஐந்தே நிமிடம் பார்த்தார். எதையும் தொட்டுப் பார்க்கவில்லை, சேரில் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. "பேனல், மேசை எல்லாம் சேர்த்து 62,000 தர்றேன்கா. ஒவ்வொண்ணா வித்தா உங்களுக்குத்தான் அலைச்சல்" என்று சொல்லி 3,000 அட்வான்ஸ் கொடுத்தார். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது. லால்குடிப் பெண்ணிடமும் மற்றவரிடமும் விற்றுவிட்டது என்று சொல்லி, பதிவையும் எடுத்துவிட்டேன்.

20ஆம் தேதி வருகிறேன் என்றவர் 25 என்றார், பிறகு 28 என்றார். வந்தது 30ஆம் தேதி மாலை நாலரைக்கு. மறுநாள் காலை பத்து மணிக்கு நான் ஓனரிடம் சாவி கொடுக்க வேண்டும். அது அவருக்கு நன்றாகவே தெரியும், என் பதிவில்தான் இருந்ததே.

வந்த ஆட்கள் முதலில் ஏசியில் கை வைத்தார்கள். ஸ்பிளிட் ஏசியைக் கழற்றும் முன் கூலிங்கில் ஓடவிட்டு, வெளி யூனிட்டில் மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கேஸ் எல்லாம் வெளி யூனிட்டுக்குள் சேர்ந்ததும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, ஏசியை நிறுத்திவிட்டுத்தான் குழாயைப் பிரிக்க வேண்டும். அவர்கள் எதையும் ஓடவிடவில்லை. செப்புக் குழாயை அப்படியே நறுக்கினார்கள். உஸ்ஸென்று கேஸ் முழுவதும் வெளியே போனது. ஷாம்பு யூனிட்டின் தண்ணீர் இணைப்பைப் பிடுங்கியதில் ஆங்கிள் காக் உடைந்து, சுவர் டைல் இரண்டில் விரிசல் விழுந்தது.

சேர்களும் ஏசியும் குட்டி யானையில் ஏறிய பிறகுதான் புரோக்கர் பேச ஆரம்பித்தார். ஒரு சேர் இறங்குகிறது, பம்ப் போய்விட்டது என்றார். ஷாம்பு பேசினில் மயிரிழை விரிசல். ஏசியில் கேஸ் இல்லை. பேனலைக் கழற்றினால் வெறும் விறகு. மொத்தம் 31,000தான் தர முடியும், அட்வான்ஸ் போக 28,000. "வேண்டாம்னா சொல்லுங்கக்கா, எல்லாத்தையும் இறக்கிடறோம்" என்றார். வாசலில் வண்டி, உள்ளே தண்ணீர், குழாய் அறுந்த ஏசி. மணி ஆறரை ஆகிவிட்டது. 28,000ஐ வாங்கிக்கொண்டேன். பேனலையும் மேசையையும் கிழிந்த ஒரு பெட்டையும் போட்டுவிட்டே போனார்கள். அவற்றை அள்ளிப்போட 2,500 செலவானது. டைலுக்கும் பிளம்பிங்குக்கும் ஓனர் அட்வான்ஸில் 6,000 பிடித்துக்கொண்டார். கடைசியில் எனக்கு நின்றது 22,500. நான் வேண்டாமென்று அனுப்பிய இரண்டு பேர் மட்டுமே, இரண்டு சேர், ஒரு பெட், ஷாம்பு யூனிட்டுக்கு 26,500 தரத் தயாராக இருந்தார்கள்.

அவர் சொன்ன குறைகளில் பாதி உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சேர் இறங்கத்தான் செய்தது. சேரை முழு உயரத்துக்கு ஏற்றி ஒருவரைப் பத்து நிமிடம் உட்காரவைத்தால் தெரிந்துவிடும். தானாக இறங்கினாலோ, அடித்தட்டில் எண்ணெய் வட்டம் இருந்தாலோ பம்பின் சீல் போய்விட்டது என்று பொருள். பம்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சேர் வீணில்லை. அந்தச் சேருக்கு மட்டும் 4,000 போட்டு, காரணத்தையும் எழுதியிருந்தால் லோடு ஏற்றும் நேரத்தில் அவர் கையில் பிடி எதுவும் இருந்திருக்காது. நாம் சொல்லாமல் விடும் ஒவ்வொரு குறையையும் அவர்கள் கடைசி நாளுக்காக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

பேனல் விஷயத்தில் தவறு என்னுடையதுதான். 85,000 செலவழித்துச் செய்தது என்ற மனக்கணக்கில்தான் அந்த விலை போட்டேன். ஆனால் சுவர் அளவுக்கு வெட்டி ஆணி அடித்த பிளைவுட்டும் மைக்காவும் கழற்றினால் உடையும், அடுத்த சுவருக்குப் பொருந்தாது. அதற்கு மதிப்பு இருப்பது அந்தச் சுவரில் இருக்கும்வரைதான். அடுத்து வாடகைக்கு வருபவரிடம் ஓனர் மூலம் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

போன மாதம் என் தோழி ஒருத்தி உறையூரில் கடையை மாற்றினாள். இந்த முறை கூடவே இருந்தேன். காலி செய்ய ஆறு வாரம் இருக்கும்போதே ஆரம்பித்தோம். கடை ஓடும்போதே, விளக்கு எரிய, பேசினில் தண்ணீர் ஓட, சேர் ஏறி இறங்க வீடியோ எடுத்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை, வாங்கிய பில், குறை இருந்தால் அதன் குளோசப் படம். புதிதாக இன்று என்ன விலை என்று கடையில் விசாரித்து, அதில் பாதிக்கும் கீழே வைத்தோம். தேதியையும் "அவசரம்" என்ற சொல்லையும் எங்கேயும் எழுதவில்லை. ஏசியை நம் மெக்கானிக்கும் தண்ணீர் இணைப்பை நம் பிளம்பரும் முன்தினமே பிரித்து வைத்தார்கள்.

மொத்தமாகக் கேட்டு அங்கேயும் ஒருவர் வந்தார். "தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சேரில் உட்கார்ந்து பாருங்கள், குறையெல்லாம் இப்போதே சொல்லுங்கள். முழுப்பணமும் வங்கிக் கணக்கில் வந்ததை நாங்கள் எங்கள் போனில் பார்த்த பிறகுதான் முதல் பொருள் வாசல் தாண்டும்" என்றாள் தோழி. போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்றவர் திரும்பி வரவில்லை. நான்கு வாரத்தில் ஆறு பேர் தனித்தனியாக வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஸ்டீமரை வாங்கியது துறையூரில் வீட்டிலேயே ஃபேஷியல் செய்யும் ஒரு பெண். பிளக்கில் மாட்டி, ஆவி வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்பினார்.