பொது நன்றியா, பெயர் பட்டியலா, மூன்று வாழ்த்தா?

பிறந்தநாள் முடிந்த மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் 180 வாழ்த்துகள். தனித்தனியாகப் பதில் போட உட்கார்ந்தேன், நாற்பதைத் தாண்டியதும் எல்லாருக்கும் ஒரே வரியைக் காப்பி செய்து ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதற்கு ஒரு நன்றிப் பதிவே போதும் என்று இன்ஸ்டாகிராமைத் திறந்தேன்.

"வாழ்த்திய அனைத்து நல்ல உள்ளங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றிகள்" என்பதில் தப்பே இல்லை, வேகமாக முடியும். ஆனால் என் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டாலும் அப்படியே பொருந்தும். போன வருடம் நானே போட்டது இதுதானோ என்றுகூடச் சந்தேகம்.

அடுத்தது பெயர் சொல்லி டேக் செய்வது. இதை ஒரு முறை செய்து பட்டிருக்கிறேன். ஒரு படத்தில் 20 பேருக்கு மேல் டேக் செய்ய விடாது. அந்த இருபதில் இடம் கிடைக்காத சித்தி மகள் மறுநாளே "நாங்கல்லாம் வாழ்த்தலையா?" என்று கேட்டாள். 20 பேரைச் சந்தோஷப்படுத்தப் போய் மற்ற எல்லாரையும் கணக்கில் சேர்க்காமல் விட்டதுபோல ஆகிவிட்டது.

அதனால் இந்த முறை, வந்த வாழ்த்துகளில் மூன்றை மட்டும் பொறுக்கி, பெயர் சொல்லாமல் எழுதினேன்:

"12 மணிவரை பொறுக்காமல் 11.52க்கே வாழ்த்திய அவசரக்காரருக்கும், பள்ளிக்கால போட்டோவைத் தோண்டி எடுத்து என் மானத்தை வாங்கியவருக்கும், 'மறந்துட்டேன், திட்டாதே' என்று இன்று காலை வந்தவருக்கும் நன்றி. எல்லாவற்றையும் படித்தேன். பதில் இன்னும் பாதிதான் போயிருக்கிறது, மீதி வந்துகொண்டிருக்கிறது."

என்னைப் பொறுத்தவரை இதை ஜெயிக்க வைத்தது பெயர் இல்லாததுதான். சம்பந்தப்பட்டவருக்குத் தன்னைத்தான் சொல்கிறான் என்று தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு அது ஒரு கதை, விடுபட்டோம் என்று யாருக்கும் தோன்றாது. தாமதமாக வாழ்த்திய இன்னும் நாலு பேர் "அது நான்தானே?" என்று வந்து நின்றார்கள், நானும் ஆமாம் என்றே சொல்லிவைத்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், தொடக்கம். கேப்ஷனில் முதல் ஒன்றிரண்டு வரிதான் வெளியே தெரியும், மீதியைத் தட்டித் திறந்தால்தான் படிக்க முடியும். முதலில் நான் எழுதியது "என் பிறந்தநாளுக்கு வாழ்த்து தெரிவித்த நண்பர்கள், உறவினர்கள் அனைவருக்கும்" என்று ஆரம்பித்தது. வெளியே தெரிந்தது அந்தப் பொது வாசகம் மட்டும்தான், 11.52 உள்ளே மாட்டிக்கொண்டது. அதைத் தூக்கிவிட்டு அவசரக்காரரை முன்னால் கொண்டுவந்தேன்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, போன்தான். அலுவலகத்து ஆட்கள் நிறைந்த கணக்கில் மானம் வாங்கிய கதையெல்லாம் எடுபடுமா என்று நான் போட்டுப் பார்த்ததில்லை, அங்கே பொது நன்றியே பாதுகாப்பு என்று படுகிறது. அப்புறம், பாதிப் பதில் பாக்கி என்று எழுதிவிட்டால் அதைப் போட்டே ஆக வேண்டும். எனக்கு இன்னும் 31 பாக்கி.