முன்பெஞ்சா, ரிமோட் மைக்கா?

நாலாம் வகுப்புப் பையன். இரண்டு காதிலும் சுமார் 50 டெசிபெல் கேட்புக் குறை, இரண்டிலும் காது மெஷின். அவனுக்கான தனிக்கல்வித் திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முன்பெஞ்சில் உட்கார வைப்பது. மற்றது, ஆசிரியர் சட்டையில் ஒரு சிறு மைக்கை மாட்டி, அவர் குரலை நேரே மெஷினுக்கே அனுப்புவது. முதல் பருவம் முன்பெஞ்சோடு ஓட்டினோம். இரண்டாம் பருவத்தில் மைக்குக்கு மாறினோம். நான் மைக் பக்கம்தான். ஆனால் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முன்பெஞ்சுக்குச் செலவில்லை, யாருக்கும் பயிற்சி வேண்டாம், உதட்டசைவும் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஆசிரியர் ஓரிடத்தில் நிற்பதில்லை. எதிரொலி இல்லாத இடத்தில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் குரல் சுமார் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரிலிருந்து நாலு மீட்டருக்குப் போனால் 12. வகுப்பறைச் சுவர்களின் எதிரொலியால் குறைவு இந்த அளவுக்கு இருக்காது, ஆனால் அந்த எதிரொலியே சொற்களைக் குழப்பிவிடும். மின்விசிறி, நாற்காலி இழுக்கும் சத்தமெல்லாம் எங்கே போனாலும் அப்படியேதான் இருக்கும். அப்புறம், பின்பெஞ்சுப் பையன் பதில் சொன்னால் முன்னால் இருப்பவன் யார் பேசியது என்று தேடித் திரும்புவதற்குள் பேச்சு முடிந்திருக்கும்.

திட்டத்தின் முதல் வரைவில் ‘கேட்கும் திறனை மேம்படுத்துதல்’ என்று ஓர் இலக்கை எழுதியிருந்தேன். அதை எப்படி அளப்பது? அடித்துவிட்டு இப்படி மாற்றினேன்: வகுப்புச் சத்தத்தில், நாலு மீட்டர் தள்ளி, பேசுபவர் முகம் தெரியாத நிலையில், 10 வாக்கியங்களில் 8-ஐச் சரியாகத் திருப்பிச் சொல்வான், அடுத்தடுத்த மூன்று சோதனைகளில். பதிவு செய்த வகுப்புச் சத்தத்தை எப்போதும் ஒரே அளவில் ஓட விடுவேன். வாக்கியங்களை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றுவேன், இல்லையென்றால் மனப்பாடமாகிவிடும்.

முதல் சோதனையில், அமைதியான அறையில் அருகிலிருந்து பேசியபோது 9 வந்தது. சத்தத்தில் நாலு மீட்டருக்கு 4. மைக்கோடு அதே சத்தம், அதே தூரம்: 8. முன்பெஞ்சு தராததை மைக் தந்தது இந்த இடத்தில்தான். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்குக்கு, ஆசிரியர் அறையில் எங்கே நின்றாலும் ஒன்றுதான்.

சரி, அந்த வேலைக்கு வருவோம். மைக் வேலை செய்யாமல் போனால் சத்தம் போட்டுச் சொல்லாது. சார்ஜ் இறங்கியிருக்கும். மெஷினோடு இணைப்பு விட்டிருக்கும். ஆசிரியர் வெளியே பேசப் போனபோது மியூட் செய்துவிட்டு, திரும்பி வந்ததும் மறந்திருப்பார். பையன் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பான். ‘மைக் கொடுத்தாயிற்று’ என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். முன்பெஞ்சைவிட மோசமான நிலை இது.

அதனால் திட்டத்தில் ‘தினமும் சரிபார்க்க வேண்டும்’ என்று எழுதினால் போதாது, யார், எப்போது என்று எழுத வேண்டும். எங்கள் திட்டத்தில் அது முதல் மணிக்கு முன் மூன்று நிமிடம், பொறுப்பு வகுப்பாசிரியர், அவர் வராவிட்டால் நான். பையனுக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளை வரிசை மாற்றி, இடைவெளியையும் மாற்றிச் சொல்ல வேண்டும். அவன் திருப்பிச் சொல்வான். முதலில் மெஷினோடு மட்டும், பிறகு மைக்கில், அறையின் கடைசியிலிருந்து. வழக்கமாகப் பிடிக்கும் ‘ஸ்’ ஒருநாள் விட்டுப்போனால், உயர்ந்த சுருதி போய்ச் சேரவில்லை. மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சில் அழுக்கு அடைத்திருக்கிறதா, பேட்டரி எப்படி என்று பார்ப்பேன். மெஷினில் ஆறும் வந்து மைக்கில் எதுவும் வராவிட்டால் கோளாறு மைக்கில், இல்லையென்றால் இணைப்பில். ஒரு பருவத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்: 58 பள்ளி நாட்களில் 11 நாள் ஏதோ ஒரு கோளாறு. அந்த 11-இல் பையன் தானாகச் சொன்னது இரண்டே நாள்.

இதைச் செய்ய ஆள் இல்லாத வகுப்பில் முன்பெஞ்சே மேல் என்பேன். சுவரில் பொருத்தும் ஒலிபெருக்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவும், இவனைத் தனியாகக் காட்டாது. ஆனால் எதிரொலிக்கும் அறையில் அந்த ஒலியும் சேர்ந்து எதிரொலிக்கும். அறுவை செய்து உட்காதில் காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்த பிள்ளைகளுடன் எனக்கு அனுபவம் குறைவு. அவர்களுக்கு ஆடியாலஜிஸ்ட் சொல்வதே வழி. சைகை மொழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது.

குழுப் பேச்சுக்கு மைக் இன்னும் சரிவரவில்லை. கை மாற்றிக் கொடுக்கச் சொன்னோம். பிள்ளைகள் இரண்டு வாரம் செய்தார்கள், பிறகு மறந்தார்கள். அதனால் பேசியவர் சொன்னதை ஆசிரியர் ஒருமுறை மைக்கில் திருப்பிச் சொல்வது என்று சலுகைப் பட்டியலில் சேர்த்தோம்.

மூன்றாம் பருவத்துக்கு ஓர் இலக்கு கூடியிருக்கிறது: கருவி நின்றால் ஐந்து நிமிடத்துக்குள் அவனே சொல்ல வேண்டும், ஐந்தில் நாலு முறை. வாரம் ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், ஆசிரியர் வேண்டுமென்றே மியூட் செய்வார். எந்த நாள் என்று சொல்லாவிட்டாலும், இப்படிச் சோதனை நடக்கும் என்று அவனிடம் முன்பே சொல்லி, சம்மதம் வாங்கியிருக்கிறோம். போன வாரம் மூன்றாவது நிமிடத்தில் கையைத் தூக்கி, “மிஸ், மைக் செத்துப்போச்சு” என்றான். இதுவரை நாலில் மூன்று.