பேக்ரவுண்ட்ல ஒட்டு தெரியாம எழுத்தைத் தூக்குறது – பல வருஷ ஜிம்ப் அனுபவம்

குமுளில ஏலக்காய் கடை வச்சிருக்க நம்ம மாப்ள ஒருத்தன் கேட்டான், "பேசாம ஜிம்ப்பே போட்டுக்கலாமா, ஃப்ரீ தானே, கவர்ல இருக்க மலையாள எழுத்தை எடுத்துட்டு தமிழ்ல போட அது போதும்ல?"னு. போன்ல சொல்லி முடியாதுனு இங்க எழுதறேன். கம்பத்துல டிடிபி கடை வச்சிருக்கறதால இந்த வேலை நமக்கு வருஷம் பூரா வரும், ஓணத்துக்கு அடிச்ச டிசைனை தீபாவளிக்கு மாத்துறது, அந்தப் பக்கத்து பாக்கெட்டை இந்தப் பக்கத்துக்கு மாத்துறது, எல்லாரும் குடுக்கறது வாட்ஸ்அப்ல வந்த ஜேபெக் மட்டும் தான்.

முதல்ல என் எரிச்சலைக் கொட்டிடறேன். Healing டூல். யூட்யூப்ல எவனைப் பாத்தாலும் எழுத்து மேல அதை வச்சு தேய்க்கச் சொல்றான். வெள்ளைச் சுவத்துல கரும்புள்ளி எடுக்க அது சரி. ஆனா அந்த டூல் செய்யறது என்னன்னா, வேற இடத்துல இருந்து டெக்ஸ்ச்சரை எடுத்துட்டு, கலரை மட்டும் பிரஷ்ஷோட ஓரம் எங்க விழுதோ அங்க இருந்து வாங்கி ரொப்பும். பிரஷ் ஓரம் பக்கத்து எழுத்து மேல விழுந்தா அந்த எழுத்தோட கலரும் உள்ள வந்துரும். எழுத்து போயிரும், அழுக்கு நிக்கும். பல வருஷமா இதே கதை, இதே கடுப்பு.

சரி, அவனோட கவரையே எடுத்துக்குவோம். 1200க்கு 1600 பிக்சல். மேல வெளிர் பச்சை, கீழ போகப் போக கரும்பச்சை, பச்சை அளவு மேல 150 இருந்தா கீழ 90. அதுக்கு மேல லேசா ஏலக்காய் இலை பேட்டர்ன் திரும்பத் திரும்ப வருது, ரெண்டு ஓரத்துலயும் மட்டும் ஒரு 30 பிக்சல் பேட்டர்ன் இல்லாத வெறும் பச்சை. நடுவுல கிட்டத்தட்ட முழு அகலத்துக்கும் பெரிய மலையாள எழுத்து.

இங்க ஒரு கணக்கு பாருங்க. 150ல இருந்து 90க்கு 60 படி தான், அது 1600 பிக்சல்ல பரவி இருக்கு, அப்ப 26, 27 பிக்சலுக்கு ஒரு தடவை தான் கலர் மாறும். உத்துப் பாத்தா அது கிரேடியன்டே இல்ல, மெல்லிசு மெல்லிசான பட்டை. நீங்க Gradient டூல்ல Dithering டிக் போட்டு அழகா வழுவழுன்னு ஒரு துண்டு வரைஞ்சு வச்சா, சுத்தி பட்டை, நடுவுல வழுவழு, ஒட்டு பளிச்சுனு தெரியும். நல்லா செஞ்சதே தப்பா தெரியற ஒரே வேலை இது தான்னு நினைக்கறேன்.

அதனால நான் வரையறதே இல்ல. மேல இருந்து கீழ போற கிரேடியன்ட்ல ஒரு வரிசை முழுக்க ஒரே கலர் தானே? அப்ப ஓரத்துல அந்த வெறும் பச்சைல 20 பிக்சல் அகலத்துக்கு, முழு உயரத்துக்கும் ஒரு கீத்து செலக்ட் பண்ணி காப்பி எடுத்து தனி லேயரா போட்டு, Scale Layerல சங்கிலியைக் கழட்டி விட்டு, அகலத்தை மட்டும் 1 பிக்சலுக்கு சுருக்குங்க, அப்புறம் அதையே 1200க்கு இழுங்க. சுருக்கும்போது ஜேபெக் புள்ளியெல்லாம் சராசரி ஆகி அடங்கிரும், இல்லாம நேரா இழுத்தா குறுக்க கோடு கோடா விழும். உயரத்தைத் தொடாததால பட்டை எல்லாம் ஒரிஜினல்ல எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கும். எழுத்தே இல்லாத முழு கிரேடியன்ட் கையில வந்துருச்சு.

இப்ப தான் எனக்கு இந்த சாஃப்ட்வேர் மேல லவ் வந்த இடம். அந்த கிரேடியன்ட் லேயரை ஒரிஜினலுக்கு மேல வச்சு, மோடை `Grain extract`க்கு மாத்துங்க. கீழ இருக்கறதுல இருந்து மேல இருக்கறதைக் கழிச்சு 128 கூட்டும், அவ்ளோ தான் கணக்கு. பச்சை பூரா காணாமப் போயி, சாம்பல் கலர் பேப்பர்ல இலை மட்டும் தனியா நிக்கும். `Layer > New from Visible` குடுத்து அதை ஒரு லேயரா பிடிச்சு வச்சுக்கங்க. முன்னாடி மேல இருந்த இலையை கீழ வச்சா டோன் ஒத்துக்காது, இப்ப பேக்ரவுண்ட் எல்லா இடத்துலயும் ஒரே சாம்பல், எங்க இருந்து வேணா எங்க வேணா எடுக்கலாம்.

இந்த சாம்பல்ல இன்னொன்னும் மாட்டும். எழுத்தைச் சுத்தி கொசு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும் பாருங்க, அது ஜேபெக் வேலை. படத்தை 8க்கு 8 கட்டமா வெட்டித் தான் அது கம்ப்ரஸ் பண்ணும், கலரை பெரும்பாலும் பாதி சைஸ்ல வைக்கறதால கலர் கசிவு 16 பிக்சல் வரைக்கும் போகும். எழுத்தை மட்டும் ஒட்டி வெட்டினவங்களுக்கு பேய் மாதிரி எழுத்து மறுபடி தெரியறது இதனால தான். `Select > Grow`ல 16 குடுங்க, கஞ்சத்தனம் வேணாம்.

அடுத்து இலையோட இடைவெளி. ஒரு இலைக்கும் அடுத்ததுக்கும் அளந்தா 47னு காட்டும், 48னு காட்டும். பத்து இலைக்கு சேத்து Measure டூல்ல அளந்தா 476. அப்ப ஒன்னுக்கு 47.6, யாரோ படத்தை சுருக்கி அனுப்பினதால வந்த அரைகுறை. 48னு நினைச்சு நகத்தினா போகப் போக இலை இரட்டையா தெரியும். அஞ்சு இலைக்கு 238, முழு நம்பர். குறுக்கயும் நெடுக்கயும் இவன் கவர்ல ஒரே இடைவெளி தான். சாம்பல் லேயரை டூப்ளிகேட் பண்ணி `Layer > Transform > Offset`ல Y 238 குடுத்து, கருப்பு மாஸ்க் போட்டு, எழுத்து இருந்த இடத்துல மட்டும் வெள்ளை அடிச்சா இலை இலை மேல கரெக்டா உக்காரும். எழுத்து உயரம் 190, ரெண்டு பக்கம் 16 சேத்தா 222, அதனால 238 நகத்தினா போதுமா இருந்துச்சு. எழுத்து அதை விட பெருசுன்னா 476 நகத்துங்க, இல்லாட்டி எடுக்கற இடத்துலயும் எழுத்து வந்து நிக்கும்.

கடைசியா அந்த ரெண்டு சாம்பல் லேயரையும் ஒன்னாக்கி `Grain merge`ல வச்சு, கிரேடியன்ட்டை Normalக்கு திருப்பினா முடிஞ்சுது. செக் பண்ண கண்ணை நம்பாதீங்க, மறுபடி New from Visible எடுத்து, Levelsல 80ல இருந்து 160 வரைக்கும் நெருக்கிப் பாருங்க, ஒட்டு இருந்தா அங்க கத்தும்.

வட்டமா நடுவுல வெளிச்சம் அடிக்கற கிரேடியன்ட்டுக்கு இந்த கீத்து வேலை ஆகாது, அதை Radialல வரைஞ்சு தான் ஆகணும். அப்ப Blend Color Space Perceptualல இருக்கானு பாத்துக்கங்க, Linear ஆனா நடு டோன் வெளுத்துரும்.

இவ்ளோ சொல்லிட்டு, மாப்ள, நீ இதைப் போடாத. எனக்கு இது கையோட வருது, ஆனா உன் கடைல வேலை பாக்கற பையனுக்கு லேயர் மோடு லிஸ்ட்ல Grain extract எங்க இருக்குனு காட்டறதுக்குள்ள உனக்கு ஒரு சீசன் முடிஞ்சுரும், அவன் கடைசில Healing எடுத்து தேய்க்கத் தான் போறான். அந்த கவரை முதல்ல டிசைன் பண்ண ஆள்கிட்ட லேயரோட இருக்க ஃபைலைக் கேளு. அவர் தரலைன்னா என்கிட்ட அனுப்பு, ஆனா வாட்ஸ்அப்ல போட்டோவா இல்ல, டாக்குமென்ட்டா அனுப்பு.